பற்று நோட்டிலிருந்து இ.ஆர். வரைபடம்: வரவையும் பில்லையும் இணைக்க நான்கு வழிகள்

ஒரு மளிகைக் கடையின் கணக்கைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர் வரையும் முதல் படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாடிக்கையாளர், பில், சரக்கு, வரவு என நான்கு பெட்டிகளும் அவற்றை இணைக்கும் சில கோடுகளும் இருக்கும். கோடுகளின் முனைகளில் எந்தக் குறியும் இராது. பெட்டிகளைக் கண்டறிவதில் சிரமமில்லை, ஏனெனில் கடையில் தனித்தனி நோட்டாகவோ தனித்தனிப் பக்கமாகவோ எவை இருக்கின்றனவோ அவையே பெரும்பாலும் என்டிட்டிகள், அதாவது தனியாகப் பதிவு வைக்க வேண்டியவை. இப்பக்கம் உள்ள ஒன்றுக்கு அப்பக்கம் அதிகபட்சம் எத்தனை, குறைந்தபட்சம் எத்தனை என்னும் இரண்டு கேள்விகளை ஒவ்வொரு கோட்டிலும் இரு திசைகளிலும் கேட்டுப் பதில் எழுதும்போதுதான் அந்தக் கிறுக்கல், என்டிட்டிகளையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் இ.ஆர். வரைபடமாகிறது. அந்தப் பதிலின் பெயர்தான் கார்டினாலிட்டி.

இந்த நான்கு பெட்டிகளில் பெரும்பாலான கோடுகள் விரைவில் தீர்ந்துவிடும். ஒரு வாடிக்கையாளருக்குப் பல பில்கள் உண்டு; ஒரு பில்லுக்கு அதிகபட்சம் ஒரு வாடிக்கையாளர், குறைந்தபட்சம் யாருமில்லை, ஏனெனில் ரொக்கம் கொடுத்துப் போகிறவரின் பெயரை யாரும் எழுதுவதில்லை. பில்லும் சரக்கும் பலவற்றுக்குப் பல என்ற உறவில் இருப்பதால் நடுவில் பில்லின் ஒவ்வொரு வரிசையையும் குறிக்கும் பில் வரி என்னும் என்டிட்டி வருகிறது. அளவும் விற்ற விலையும் அதில்தான் எழுதப்பட வேண்டும், சரக்கின் பெட்டியில் உள்ள இன்றைய விலையை நம்பினால் போன மாதத்துப் பில்லின் தொகையே மாறிவிடும். அங்கே ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் உண்டு. பழைய இருப்பில் ஒரு எம்.ஆர்.பி., புது இருப்பில் வேறு எம்.ஆர்.பி. என ஒரே சோப்பு ஒரே பில்லில் இரண்டு வரிகளாக வருவது கடைகளில் சாதாரணம். ஆகவே பில் எண்ணும் சரக்கு எண்ணும் சேர்ந்ததை, ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக வைத்தால் இரண்டாவது வரியை மென்பொருள் ஏற்காது. பில் எண்ணுடன் வரி எண்ணைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

தீராமல் நிற்பது வரவுக்கும் பில்லுக்கும் இடையிலான கோடுதான். வாடிக்கையாளர் பற்று வைத்த பிறகு தரும் பணம் எந்தப் பில்லுக்கு உரியது என்ற கேள்விக்கு நான்கு விதமாகப் பதில் சொல்லலாம், நான்கையும் நடைமுறையில் காணலாம். எதைத் தேர்வது என்பதைப் பொறுத்தே பின்னால் பாக்கிப் பட்டியலும் தகராறு வரும்போது காட்டும் ஆதாரமும் அமைகின்றன. அதனால் இந்தக் கட்டுரை அந்த ஒரு கோட்டோடு நின்றுகொள்கிறது.

குறியீடு பற்றி முதலில் ஒரு சொல். 1976-இல் பீட்டர் சென் முன்வைத்த முறையில் உறவு ஒரு சாய்சதுரமாக வரையப்படும், அதன் இருபுறமும் 1, N போன்ற எழுத்துகள் வரும். இன்று மென்பொருள் கருவிகளில் அதிகம் காணப்படுவது, 'பல' என்பதைக் காக்கையின் கால் போல விரியும் குறியால் காட்டும் காக்கைக்கால் முறை. அதில் பெட்டியை ஒட்டிய குறி அதிகபட்சத்தையும், அதற்கு உட்புறம் உள்ள வட்டமோ சிறு கோடோ குறைந்தபட்சத்தையும் சொல்கிறது. இவ்விரண்டிலும் ஒரு பில்லுக்கு எத்தனை வரவு என்பதன் விடை வரவுப் பெட்டியின் பக்கம் எழுதப்படும். ஆனால் (0,N) என அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களை எழுதும் முறையில் அதே விடை பில் பெட்டியின் பக்கம் எழுதப்படும். இரண்டு பாடநூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைகிறவர்களின் படங்களில் கார்டினாலிட்டி தலைகீழாகிப் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கீழே சொல்வன அனைத்தும் காக்கைக்கால் முறைப்படியே.

வழிகளை ஒப்பிட ஒரே கணக்கை எல்லாவற்றிலும் ஏற்றிப் பார்ப்போம். ஒரு வாடிக்கையாளர் ஏப்ரல் 3 அன்று 112 எண்ணுள்ள பில்லில் ₹1,240-க்கும், ஏப்ரல் 11 அன்று 131-ஆம் பில்லில் ₹860-க்கும், ஏப்ரல் 19 அன்று 150-ஆம் பில்லில் ₹1,900-க்கும் பற்று வைத்திருக்கிறார், மொத்தம் ₹4,000. ஏப்ரல் 20 அன்று யு.பி.ஐ. மூலம் ₹1,500 அனுப்புகிறார். மே 2 அன்று சம்பளம் வந்ததும் ₹3,000 ரொக்கமாகக் கொடுத்து, மிச்சம் கணக்கில் இருக்கட்டும் என்கிறார். பழைய பாக்கியில் தொடங்கிக் கழித்தால் முதல் வரவு 112-ஐ முழுதாக அடைத்து 131-இல் ₹260-ஐக் குறைக்கிறது. இரண்டாவது வரவு 131-இன் மீதி ₹600-ஐயும் 150-இன் ₹1,900-ஐயும் அடைத்து, ₹500 முன்பணமாக நிற்கிறது. கவனித்தால் மூன்று உண்மைகள் இதில் இருக்கின்றன: ஒரே வரவு இரண்டு பில்களைத் தொட்டது, ஒரே பில் இரண்டு வரவுகளால் அடைந்தது, ஒரு வரவின் ஒரு பகுதி எந்தப் பில்லையும் தொடவில்லை.

முதல் வழி, ஒரு பில்லுக்கு ஒரு வரவு. படத்தில் வரவுக்குத் தனிப்பெட்டி கூட இராது. பில்லிலேயே 'செலுத்திய தொகை', 'செலுத்திய நாள்' என இரண்டு கட்டங்கள் சேர்க்கப்படும். ரொக்க விற்பனை மட்டும் நடக்கும் கடைக்கு இதுவே போதும். நம் கணக்கில் இது இரண்டாவது வரவிலேயே உடைகிறது: 131-ஆம் பில்லில் ஏப்ரல் 20 அன்று ₹260 என்று எழுதிய இடத்தில் மே 2 அன்று ₹860 என்று மாற்றி எழுத வேண்டும், எழுதியதும் ஏப்ரலில் வந்த பணத்தின் தடயம் அழிந்துவிடுகிறது. மாதக் கடைசியில் அன்றன்றைய வரவைக் கூட்டினால் கல்லாவோடு பொருந்தாது. பற்று வரவு உள்ள கடையில் இவ்வழியைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி, ஒரு பில்லுக்குப் பல வரவுகள், ஒரு வரவுக்கு ஒரே பில். மாதிரிப் பாடங்களில் அதிகம் காணப்படுவது இதுதான். வரவு அட்டவணையில் பில் எண், பில் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் ஒரு ஃபாரின் கீயாக நிற்கும். பார்க்க நேர்த்தியாக இருப்பதால் இதை வரைந்துவிட்டுப் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். இதில் பில் 131 இரண்டு வரவுகளைப் பெறலாம் என்பது சரியாகப் பதிவாகிறது. ஆனால் ஏப்ரல் 20 அன்று வந்த ₹1,500-ஐ ஒரே வரிசையாக எழுத வழியில்லை. ₹1,240 என்றும் ₹260 என்றும் இரண்டாக உடைக்க வேண்டும். மே 2-இன் ₹3,000 மூன்றாக உடைகிறது, அதில் ₹500-க்குப் பில் எண்ணே கிடையாது. வாடிக்கையாளர் இரண்டு முறை பணம் கொடுத்தார், அட்டவணையில் ஐந்து வரிசைகள் இருக்கின்றன.

இதனால் கெடுவது என்ன என்று கேட்கலாம், கூட்டுத்தொகை சரியாகத்தானே வருகிறது. வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து ஒப்பிடும்போது கேடு தெரியும். அங்கே ₹1,500 என ஒரே வரி இருக்கும்; நம் அட்டவணையில் ₹1,500 என்ற தொகை எங்கும் இராது. ஒரு நாளில் முப்பது நாற்பது யு.பி.ஐ. வரவுகள் வரும் கடையில் எது எதோடு சேர்ந்தது என்று தேட முடியாது. இதைச் சமாளிக்க எல்லோரும் செய்வது, உடைந்த வரிசைகள் இரண்டிலும் ஒரே ரசீது எண்ணை எழுதுவது. ரசீது எண், நாள், பணம் வந்த முறை ஆகிய மூன்றும் இரண்டு மூன்று வரிசைகளில் அப்படியே திரும்ப வருவதைக் கண்டால், படத்தில் ஒரு பெட்டி விடுபட்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வரவு என்று நாம் பெயரிட்ட பெட்டி உண்மையில் வரவின் துண்டு. முழு வரவுக்குப் பெட்டியே இல்லை.

மூன்றாவது வழி அந்தப் பெட்டியைத் திருப்பித் தருகிறது. பில்லும் வரவும் பலவற்றுக்குப் பல என்று ஒப்புக்கொண்டு நடுவில் 'ஒதுக்கீடு' என்ற என்டிட்டியை வைக்கிறோம். ஒவ்வொரு ஒதுக்கீடும் ஒரே ஒரு வரவையும் ஒரே ஒரு பில்லையும் கட்டாயம் சார்ந்தது. ஒரு வரவுக்கு ஒதுக்கீடு இல்லாமலும் இருக்கலாம், பல இருக்கலாம். ஒரு பில்லுக்கும் அப்படியே. இரு பக்கமும் குறைந்தபட்சம் பூஜ்யம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வரவின் பக்கம் அது ஒன்று என்றால் முன்பணம் வாங்க முடியாது. பில்லின் பக்கம் ஒன்று என்றால் இன்னும் பணம் வராத பில்லைப் பதிவே செய்ய முடியாது.

நம் கணக்கு இப்போது இரண்டு வரவு வரிசைகளாகவும் நான்கு ஒதுக்கீடுகளாகவும் அமர்கிறது: 1,240, 260, 600, 1,900. ₹500 முன்பணத்துக்கு வரிசை எதுவும் தேவையில்லை, இரண்டாவது வரவின் தொகையிலிருந்து அதன் ஒதுக்கீடுகளைக் கழித்தால் அது கிடைத்துவிடும். வங்கி அறிக்கையோடு ஒப்பிட வரவு அட்டவணையும், எந்தப் பில் எவ்வளவு பாக்கி என்று அறிய ஒதுக்கீட்டு அட்டவணையும் தனித்தனியே நிற்கின்றன.

இந்த வழியில் படம் சொல்லாத ஓர் ஓட்டை இருக்கிறது. பில்லிலிருந்து வாடிக்கையாளருக்கு ஒரு பாதை, வரவிலிருந்து வாடிக்கையாளருக்கு இன்னொரு பாதை என வளையம் உண்டாகிறது. இரண்டு பாதைகளும் ஒரே ஆளிடம்தான் போய்ச் சேர வேண்டும் என்று எந்தக் காக்கைக்காலும் சொல்லாது. ஒருவர் கொடுத்த பணம் தட்டச்சுப் பிழையால் அடுத்த தெருக்காரரின் பில்லில் கழிந்தால் மொத்தக் கூட்டல் சரியாகவே இருக்கும், இரு வீட்டாரின் பாக்கியும் தவறாக இருக்கும். வாடிக்கையாளர் எண்ணையும் ஒதுக்கீட்டில் சேர்த்து, இரட்டைச் சாவியாக இணைத்தால் இதை அட்டவணையே தடுக்கும்:

```sql
CREATE TABLE allocation (
  customer_id INT NOT NULL,
  receipt_id  INT NOT NULL,
  bill_id     INT NOT NULL,
  amount      NUMERIC(10,2) NOT NULL CHECK (amount > 0),
  PRIMARY KEY (receipt_id, bill_id),
  FOREIGN KEY (customer_id, receipt_id)
    REFERENCES receipt (customer_id, receipt_id),
  FOREIGN KEY (customer_id, bill_id)
    REFERENCES bill (customer_id, bill_id)
);
```

இது இயங்க `receipt`, `bill` இரண்டிலும் அந்த இணைச் சாவிக்கு `UNIQUE` கட்டுப்பாடு இருக்க வேண்டும். ஒதுக்கீடுகளின் கூட்டுத்தொகை வரவின் தொகையைத் தாண்டக் கூடாது என்ற விதியை இவ்வளவால் காக்க முடியாது. அதற்கு, தரவு மாறும்போது தானே இயங்கும் ட்ரிகரோ நிரலில் ஒரு சோதனையோ வேண்டும், வரைபடத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பாகவும் எழுதிவைக்க வேண்டும். கார்டினாலிட்டி எத்தனை என்று மட்டுமே பேசும், எவ்வளவு ரூபாய் என்று பேசாது.

இங்கே நிறுத்தி, மூன்றாவதே சரி என்று முடித்துவிடலாம். பாட வகுப்பில் அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம், பணம் வாங்கும்போது எந்தப் பில்லுக்கு என்று கேட்பீர்களா அண்ணாச்சி என்று கேட்டதற்கு, "அதை யாருப்பா கேட்டுக்கிட்டு இருப்பா? மொத்தத்துல கழிச்சுக்கிட வேண்டியதுதான்" என்றார். இந்தப் பதிலுக்குப் படத்தில் இடம் வேண்டும். பற்று நோட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். இடப்புறம் பற்று, வலப்புறம் வரவு, அடியில் பாக்கி. வரவிலிருந்து எந்தப் பில்லுக்கும் அம்புக்குறி போவதில்லை. கடையில் இல்லாத ஓர் உறவைப் படத்தில் வரைந்தால், அதை நிரப்ப மாலை ஆறு மணிக் கூட்டத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அப்படித் தேர்ந்தெடுத்தது நடந்த உண்மை போலப் பதிவாகிவிடும்.

நான்காவது வழி இதை அப்படியே வரைகிறது. வரவு வாடிக்கையாளரோடு மட்டும் இணைகிறது: ஒரு வாடிக்கையாளருக்குப் பூஜ்யம் முதல் பல வரவுகள், ஒரு வரவுக்குக் கட்டாயம் ஒரே வாடிக்கையாளர். வரவுக்கும் பில்லுக்கும் இடையே கோடே கிடையாது. ரொக்க பில்லுக்கு வாடிக்கையாளர் இல்லாததால் வரவு வரிசையும் எழுதுவதில்லை. அந்தப் பில்லே பணம் வந்ததற்குச் சான்று. நம் கணக்கில் மூன்று பில்கள், இரண்டு வரவுகள், 4,000-க்கு எதிரே 4,500, ஆக ₹500 முன்பணம். பதிய வேண்டியது அவ்வளவே. எந்தப் பாக்கி எத்தனை நாள் பழையது என்று அறிய வேண்டுமானால், பழையதிலிருந்து கழிக்கும் கணக்கை அறிக்கை எடுக்கும்போது ஓட்டிக்கொள்ளலாம், சேமிக்க வேண்டியதில்லை.

பழையதிலிருந்து கழிப்பது கடைக்காரரின் பழக்கம் மட்டுமன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 ஆகிய பிரிவுகள் இதையே பேசுகின்றன. இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை ஏற்றால் அந்தக் கடனுக்கே வைக்க வேண்டும். கடன்பட்டவர் எதுவும் சொல்லாவிட்டால், சூழ்நிலையிலிருந்தும் அது தெரியாவிட்டால், கடன் கொடுத்தவர் தம் விருப்பப்படி வைக்கலாம். இருவருமே ஒதுக்காவிட்டால் காலவரிசைப்படி கழிய வேண்டும். மூன்றாவது நிலைதான் நம் பற்று நோட்டு. ஆகவே நான்காவது வழியில் கணக்கிடப்படும் பாக்கி வயது ஊகமன்று, அதற்குச் சட்டத்தின் துணை உண்டு. அதன் வரம்பும் அதே பிரிவுகளில் தெரிகிறது: "அந்த 860 ரூபாய் பில்லை நான் வாங்கவில்லை, இது 19-ஆம் தேதிப் பில்லுக்கு மட்டும்" என்று சொல்லி ஒருவர் பணம் கொடுத்தால், அந்தச் சொல்லை எழுதிவைக்க நான்காவது படத்தில் இடமில்லை.

டேலி பயன்படுத்தியவர்களுக்கு இந்த வேறுபாடு பழக்கமானதாக இருக்கும். பில்வாரிக் கணக்கை இயக்கி வைத்திருந்தால் வரவைப் பதியும்போது அது `Advance`, `Agst Ref`, `New Ref`, `On Account` என்ற தேர்வுகளைக் காட்டுகிறது. `Agst Ref` என்பது மூன்றாவது வழியின் ஒதுக்கீடு. `On Account` என்பது எந்தப் பில்லோடும் சேர்க்காமல் ஆளின் கணக்கில் வைப்பது, அதாவது நான்காவது வழி. ஒதுக்கீட்டின் குறைந்தபட்சம் பூஜ்யம் என்று வரைந்தால் ஒரே படத்தில் இரண்டும் அடங்கும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

தெருமுனை மளிகைக் கடையின் விற்பனைப் பக்கத்துக்கு நான் நான்காவதைத்தான் தேர்வேன். எளிமை ஒரு காரணம், பெரிய காரணம் பின்னால் மாற்றுவதில் இருக்கிறது. நான்காவதில் தொடங்கியவர் ஓராண்டு கழித்துப் பில்வாரிக் கணக்கு வேண்டுமென்றால் ஒதுக்கீடு என்ற புது அட்டவணையைச் சேர்த்தால் போதும். பழைய வரிசை ஒன்றையும் தொட வேண்டியதில்லை, மேலே சொன்ன இணைச் சாவிக்கான கட்டுப்பாட்டை மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டாவதில் தொடங்கியவரோ உடைந்து கிடக்கும் ஐந்து வரிசைகளில் எவை எவை ஒரே வரவு என்று கண்டுபிடித்து ஒட்ட வேண்டும், ரசீது எண் எழுதாமல் விட்ட இடங்களில் அதை ஊகிக்கத்தான் முடியும்.

சிமெண்ட், பெயிண்ட் போன்றவற்றை மேஸ்திரிகளுக்கும் கட்டுமான ஒப்பந்தக்காரர்களுக்கும் கடனாகக் கொடுக்கும் கடை என்றால் என் பதில் மாறும். அங்கே ஒரே ஆள் மூன்று வீட்டு வேலைகளுக்குச் சரக்கு எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்காரர் பணம் தரும்போதும் அந்த வீட்டின் பில்லை மட்டும் தீர்ப்பார். எந்தப் பில்லுக்கு என்பதைச் சொல்லியே கொடுப்பார். கடை அறிந்த செய்தி அது, ஆகவே படத்திலும் அது இருக்க வேண்டும், மூன்றாவதே அங்கு பொருந்தும்.

அதே மளிகைக் கடையில்கூடக் கொள்முதல் பக்கம் தனிக் கேள்வி. கடை சப்ளையருக்குத் தரும் பணம் விற்பனை வரவின் கண்ணாடி பிம்பம்தானே, அதே நான்காவது வழியை இங்கும் வரையலாம் என்று தோன்றும். ஜி.எஸ்.டி. சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16(2) பிரிவின்படி, கொள்முதலில் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு எடுத்த கொள்முதல் பில்லுக்குரிய பணத்தை அந்தப் பில்லின் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் சப்ளையருக்குத் தராவிட்டால், தராத அளவுக்கு எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பின் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கெடு ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக ஓடுவதால், எந்தச் செலுத்துதல் எந்தப் பில்லை எவ்வளவு அடைத்தது என்பது பதிவில் இருக்க வேண்டும். ஆகவே சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. கட்டும் கடைக்குக் கொள்முதல் பக்கம் மூன்றாவது வழி, விற்பனைப் பக்கம் நான்காவது வழி என ஒரே படத்தில் இரண்டு வடிவங்கள் வரலாம், அது முரண்பாடன்று. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடை உள்ளீட்டு வரி வரவே எடுப்பதில்லை என்பதால் அதற்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

மாற்றும் நாளில் ஒரு சிக்கல் எஞ்சும்: பற்று நோட்டில் ஏற்கெனவே நிற்கும் பழைய பாக்கிக்குப் பில் எண்ணும் இல்லை, பில் வரிகளும் இல்லை. ஒரு பில்லுக்குக் குறைந்தபட்சம் ஒரு வரி என்று படத்தில் கண்டிப்பாக வரைந்திருந்தால் அதை உள்ளே கொண்டுவர முடியாது. 'பழைய பாக்கி' என்று ஒரு பொய்ச் சரக்கை உண்டாக்கி அதற்கு ஒரு வரி எழுதுகிறார்கள், பிறகு விற்பனைப் பட்டியலில் அது அதிகம் விற்ற சரக்காக வந்து நிற்கிறது. வாடிக்கையாளர் என்டிட்டியில் தொடக்க பாக்கி, அதன் தேதி என இரண்டு பண்புகளைச் சேர்த்துவிட்டால் நான்காவது வழியில் இது முடிந்தது. மூன்றாவது வழியிலோ அந்தத் தொகைக்கும் ஒதுக்கீடு வர வேண்டியிருப்பதால், பில்லில் 'விற்பனை', 'தொடக்க பாக்கி' என வகைக் கட்டம் ஒன்றைச் சேர்த்து, பில் வரியின் குறைந்தபட்சத்தைப் பூஜ்யமாகத் தளர்த்தி, விற்பனை வகைக்கு மட்டும் ஒரு வரியாவது வேண்டும் என்ற விதியை ஓரக் குறிப்பாக எழுத வேண்டும்.